நான்கு விடைக்கும் சமக்குறி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். கணக்கு வாத்தியாருக்குக் கோபம் இல்லாவிட்டால் வகுப்பில் நான்கும் மூன்றும் எட்டு ஆகிவிடும். பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து அடுக்ககத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஆவடி - பூந்தமல்லி சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டி, சென்னீர்குப்பம் தாண்டி எங்கள் பாலிடெக்னிக்கில் போய் இறங்கும்போதே பாதிக் கோபம் தயாராக இருக்கும். மீதியைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும்.

அந்த வருடம் மீதியைத் தந்தவர் எங்கள் துணை முதல்வர்.

முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் ஓர் அடிப்படைக் கணக்குத் தேர்வு வைப்போம். பத்தாம் வகுப்பு முடித்து வருகிறவர்கள்தான். ஆனால் இப்போது வருகிறவர்கள் பின்னம் படித்திருக்க வேண்டிய வயதில் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. போனில் பாடம் நடந்ததாகச் சொன்னார்கள். போன் இருந்த வீட்டில் நடந்திருக்கும். அதனால் தேர்வில் பாதி மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் தனி வகுப்பு உண்டு. அவர்களுக்காக ஆவடி பக்கம் போகும் கல்லூரி பஸ் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்கும். அந்த வகுப்பை எடுப்பது நான். அதை வாங்குவதற்கு நான் முந்திய வருடம் போட்ட சண்டையை எழுதினால் அது தனிப் புத்தகம் ஆகும்.

முந்திய வருடம்வரை தேர்வு தாளில் நடந்தது. இந்த முறை கல்லூரியின் கற்றல் தளத்தில், கணினி ஆய்வகத்தில் நடத்த வேண்டும் என்று முடிவானது. வினாக்களைத் தளத்தில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணினி தெரியும் என்று ஒரு தடவை வாய்விட்டால் அப்புறம் பிரிண்டரில் தாள் சிக்கினாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

ஏற்றுவதற்கு இரண்டு வழி. ஒவ்வொரு வினாவுக்கும் தனியாகப் பக்கம் திறந்து, கட்டம் கட்டமாகத் தட்டுவது ஒன்று. அதற்குள் ஒரு செமஸ்டரே முடிந்துவிடும். எல்லா வினாக்களையும் நோட்பேடில் வெறும் எழுத்தாக அடித்து, ஒரே கோப்பாக ஏற்றிவிடுவது இன்னொன்று. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் வினா. பிறகு ஒரு சுருள் அடைப்பு. அதற்குள், சரியான விடைக்கு முன்னால் சமக்குறி, தவறான விடைகளுக்கு முன்னால் நெளிந்த ஒரு சின்னக் கோடு. அடைப்பை மூடி, ஒரு வரி காலியாக விட்டால் அடுத்த வினா. இப்படி:

1/2 + 1/4 எவ்வளவு? {
=3/4
~2/6
~1/6
~2/4
}

அவ்வளவுதான். சிவப்பு மையும் வேண்டாம், அடிக்கோடும் வேண்டாம். எங்கள் ஆசிரியர்கள் வேர்டில் வினா வங்கி தயாரித்தால் சரியான விடையைத் தடித்த எழுத்தில் போட்டு வைப்பார்கள். அதை நோட்பேடில் ஒட்டியதும் தடிமன் போய் நான்கும் ஒரே மாதிரி நிற்கும், எது சரி என்று எழுதியவருக்கே மறந்திருக்கும். கணக்குக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. விடையிலேயே சமக்குறி இருக்கும். x = 5 என்று ஒரு தவறான விடையை அப்படியே அடித்தால், தளம் நடுவில் வெட்டி, 5 என்பதை இன்னொரு சரியான விடையாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சமக்குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு, இது விடைக்குள் இருக்கிற சமக்குறி, உனக்குச் சொன்னதில்லை என்று அதற்குப் புரியவைக்க வேண்டும். இதையெல்லாம் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் திரைபோட்டுச் சொல்லிக் கொடுத்தேன். சமக்குறி என்றால் சரி, நெளிகோடு என்றால் தவறு என்பதுவரை எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு டீ வந்துவிட்டது.

துணை முதல்வரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சிவில் பிரிவிலிருந்து வந்தவர், எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைப்பவர். தேர்வுக்கு முந்தின நாள் மாலை என்னை அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது என்றார். போன வருடத்து அடிப்படைத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேர் தவறினால் எப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்களாம். இந்த வருடம் அப்படிக் கேட்கக் கூடாதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு உதவி செய்வதுபோலச் சொன்னார்.

"நாலு ஆப்ஷனுக்கும் சமக்குறி போட்டுடுங்க மேடம். எதைத் தொட்டாலும் ரைட். யாருக்கும் நஷ்டமில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையும் நானே வடித்து, பூசணிக்காயையும் நானே அமுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான்.

எல்லோரும் தேறினால் மாலை வகுப்பு யாருக்கு என்று கேட்டேன். தேவைப்படாது, பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பிவிடும் என்றார். தேவைப்படாது என்று அவர் சொன்ன பிள்ளைகளில் ஒருத்தியை எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிற பெண், எலெக்ட்ரிகல் பிரிவு. சேர்ந்த அன்றே கணக்குத் துறையைத் தேடி வந்து, தனக்குப் பின்னம் வராது என்று என்னிடம் சொன்னவள். பிள்ளைகள் யாரும் தனக்கு வராததைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். இவள் சொன்னாள்.

"கிளாஸ் வச்சா நா இர்ந்து கத்துக்கினு போறேன் மேடம். ஊட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பஸ்ஸு மட்டும் நின்னா போதும்."

அந்த வகுப்பு இல்லாவிட்டால் முதல் செமஸ்டர் கணக்கில் அவள் அரியர் வைப்பாள். அடுத்ததில் இன்னொன்று. பிறகு ஒரு நாள் வராமல் போவாள், வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே கோடு விழும். இப்படி நிறையப் பார்த்துவிட்டேன்.

முடியாது என்றேன். தெரியாத பிள்ளை யார் என்று கண்டுபிடிக்கத்தான் தேர்வே வைக்கிறோம், அதை மறைப்பதற்கு இல்லை என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டு, "நான் கருத்து கேக்கல மேடம்" என்றார்.

"நானும் கருத்து சொல்லல சார். செய்ய மாட்டேன்னு சொல்றேன்."

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, நிரந்தரமாக்கும் கோப்பு அவருடைய மேசையில்தான் இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்ததும் ஏதோ காற்றோட்டம் வந்த மாதிரி இருந்தது.

அப்படியானால் வினாக் கோப்பை அனுப்பிவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோப்பு கல்லூரியுடையது, அனுப்பினேன். அவர் என் எதிரிலேயே திறந்தார். நெளிகோட்டைத் தேடு, அந்த இடத்தில் சமக்குறியை வை, எல்லாவற்றையும் மாற்று. ஒரே தட்டு. நெளிகோடுகள் எல்லாம் போய் வரிக்கு வரி சமக்குறியாக நின்றது. இதற்கா இவ்வளவு பேச்சு என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஏற்றுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை தேர்வு எழுதிப் பாருங்கள் சார் என்று சொன்னேன். எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றார்.

அங்கே ஒரு சங்கதி இருந்தது, எனக்குத் தெரியும். அடைப்புக்குள் ஒரு நெளிகோடாவது இருந்தால்தான் அந்தத் தளம் அதைத் தேர்ந்தெடுத்து எழுதும் வினாவாக எடுத்துக்கொள்ளும். வெறும் சமக்குறிகள் மட்டும் இருந்தால், ஓ, இது மாணவர் தானே தட்டச்சு செய்ய வேண்டிய விடை, இந்த நான்கில் எதைத் தட்டினாலும் சரி என்று வைத்துக்கொள்ளும். நான்கு விடையும் திரையில் வரவே வராது. ஒரு காலிக் கட்டம் மட்டும் வரும். பிழை என்றும் காட்டாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. ஏற்றியதும் வரும் பட்டியலில் வினாக்கள் மட்டும் தெரியும், எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் இருக்கும்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஐந்தாவதாக ஒரு வெட்டி விடையைச் சேர்த்து, அதற்கு மட்டும் ஒரு நெளிகோடு போட்டுக் காரியத்தைக் கச்சிதமாக முடித்திருப்பார். திருடனுக்குப் பூட்டின் சூட்சுமத்தைச் சொல்லித்தர எனக்கு மனமில்லை. எழுதிப் பாருங்கள் என்று சொன்னேன், அது போதும். இன்றைக்கும் அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

மறுநாள் காலையில் ஆய்வகம் நிறைந்திருந்தது. துணை முதல்வர் தாளாளரையே அழைத்து வந்திருந்தார், புதிய முறையைக் காட்டுவதற்கு. தாளாளர் அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். கல்லூரி நிற்கிற இடத்தில் அவர்களுக்கு நெல் விளைந்ததாம். வெள்ளை வேட்டியோடு பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்து, ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தேர்வு திறந்ததும் பிள்ளைகள் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வரிசையாகக் கைகள் உயர்ந்தன. ஆப்ஷன் வரவில்லை, ஒரு பெட்டிதான் வருகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். துணை முதல்வர் ஒரு திரைக்குப் போனார், இன்னொரு திரைக்குப் போனார். பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னார். மறுபடியும் அதே காலிக் கட்டம். என்னைப் பார்த்தார். தாளாளர் அருகில் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை, ஆனால் மேடம்தான் வினாக்களை எழுதினார்கள், என்ன செய்து வைத்தார்களோ என்று அவரிடம் சொன்னார்.

நான் எழுதியது வேறு, இங்கே இருப்பது வேறு, நேற்று மாலை இதை ஏற்றியது நான் இல்லை என்று சொன்னேன். ஏற்றியவர் யார் என்பதைத் தளமே சொல்லும், பார்க்கலாமா என்று கேட்டேன். துணை முதல்வர் தேர்வை நிறுத்திவிடலாம் என்றார்.

தாளாளர் நிறுத்த விடவில்லை. "பொட்டிலதான் எழுதட்டுமே. நாங்க ஆப்ஷன் பாத்தா படிச்சோம்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. தட்டினார்கள்.

முடித்து அனுப்பியதும் ஒவ்வொரு வினாவுக்கும் டிக் அல்லது பெருக்கல் குறி, அதன் பக்கத்தில் மதிப்பெண் வரும். அறை முழுக்கப் பெருக்கல் குறி. பலர் தெரியல என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தார்கள். காலிக் கட்டத்தில் குருட்டாம்போக்கில் எதையும் தொட முடியாது அல்லவா, அதனால் உண்மை வந்துவிட்டது. தாளாளர் எழுந்து, முதல் வரிசையில் ஒருவன் திரையைப் பார்த்தார். அரையும் காலும் எவ்வளவு என்ற வினாவுக்கு அவன் முக்கால் என்று அடித்திருந்தான். பெருக்கல் குறி. அவனுக்குப் பக்கத்தில் ஒருவன் 0.75 என்று அடித்திருந்தான். அதற்கும் பெருக்கல் குறி. இரண்டும் அந்த நான்கு விடையில் இருக்கிற மாதிரி அடிக்கப்படவில்லை, அதனால் தளத்துக்கு இரண்டும் தவறு.

அடுத்த வரிசையில் முத்தாபுதுப்பேட்டைப் பெண் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்திருந்தாள். அவள் திரையில் 2/6, பச்சை டிக், முழு மதிப்பெண்.

தாளாளர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "முக்கால்னு எழுதினவன் தப்பு, ஆறுல ரெண்டுனு எழுதின பொண்ணு கரெக்டா? இன்னாய்யா இது, எவன் போட்டது விடை?"

துணை முதல்வர் மென்பொருள் கோளாறு என்று ஆரம்பித்தார். புதிதாக வந்த தளம், சரியாகப் பழகவில்லை, மதியத்துக்குள் சரிசெய்து மறுபடி வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது ரைட்டு இல்ல. எனக்கு வரல, அதான் மேல மேல, கீழ கீழ கூட்டிப் போட்டேன். ரைட்டுனு வுட்டீங்கன்னா எனக்கு கிளாஸு இல்லனுடுவாங்க."

தனக்குக் கிடைத்த முழு மதிப்பெண்ணை வேண்டாம் என்று எழுந்து நின்று சொல்கிற பிள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. அந்தக் கலக்கத்திலேயே கோபமும் ஏறியது. படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை இப்படிக் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

தாளாளர் என் பக்கம் திரும்பி, கிளாஸ் எது, ஏன் இல்லாமல் போகும் என்று கேட்டார். சொன்னேன். தேர்வு எதற்கு, பாதிக்குக் கீழே எடுத்தால் என்ன கிடைக்கும், நான்குக்கும் சமக்குறி வைத்தால் அது யாருக்குக் கிடைக்காமல் போகும் என்று சொன்னேன். யார் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அறையில் ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு துணை முதல்வர் என்னிடம் வந்து, மதியம் மறுபடி ஏற்ற வேண்டும், இந்த முறை சரியாக வருகிற மாதிரி நீங்களே செய்துகொடுங்கள் என்று மெதுவாகக் கேட்டார். எது சரி என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? ஆய்வுக் குழு பயம் அவரை இன்னும் விடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பதில் சொன்னேன்.

"என் ஃபைல் இருக்கு சார். ஒரு கேள்விக்கு ஒரு சமக்குறி. ஏத்தினா அதைத்தான் ஏத்துவேன். வேற வேணும்னா வேற ஆளை வச்சுக்கோங்க, இன்னிக்கே."

அவர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, அந்தம்மா சொல்ற மாதிரி பண்ணுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது என் மீது வந்த மரியாதையா, முக்காலுக்குத் தப்புப் போட்டதில் வந்த எரிச்சலா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் சரி.

முந்தின மாலை அவர் ஏற்றியிருந்த வினாக்களைத் தேர்விலிருந்து எடுத்தேன். என் பழைய கோப்பைத் திறந்து ஒரு தடவை வரி வரியாகப் பார்த்தேன். ஒவ்வோர் அடைப்புக்குள்ளும் ஒரே ஒரு சமக்குறி, மற்றவை நெளிகோடு. விடைக்குள் இருக்கிற சமக்குறிகளுக்கு முன்னால் பின்சாய்கோடு. ஏற்றினேன். முன்னோட்டத்தில் நானே மாணவியாக உட்கார்ந்து எழுதினேன், வேண்டுமென்றே சிலவற்றைத் தவறாகத் தொட்டேன், தவறு என்றே காட்டியது. மதிய உணவுக்குப் பிறகு பிள்ளைகள் வந்து எழுதினார்கள். முக்கால் என்று அடித்தவன் இப்போது 3/4ஐத் தொட்டுவிட்டு நிம்மதியாகப் போனான்.

முடிவு எப்படி வந்தது என்று கேட்டால், போன வருடம் மாதிரிதான். ஆய்வுக் குழு வந்தது, கேட்டது. மாலை வகுப்பில் யார் யார் உட்காருகிறார்கள் என்று நானே பட்டியலைக் காட்டிப் பதில் சொன்னேன். எனக்கு நிரந்தர உத்தரவு அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. காரணம் கேட்டால் நிதி நிலைமை என்கிறார்கள். வினா ஏற்றும் வேலையை மட்டும் யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை. துணை முதல்வர் இப்போதும் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் சுவரில் இருக்கிற அறிவிப்பைப் படிக்கிறார். படிக்கட்டும்.

தேர்வு நடந்த அன்று மாலை நான் மதிப்பெண் பட்டியலை இறக்கிக்கொண்டிருந்தபோது, முத்தாபுதுப்பேட்டைப் பெண் துறை வாசலில் வந்து நின்றாள். பை தோளில் இல்லை, வகுப்பறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நா ஃபெயிலு மேடம். எப்போ ஆரம்பிக்கிறீங்க?"